‘எல்ஓஆர் வேண்டும் சார்’: பதில் வராத ஒரு மின்னஞ்சலும் பதில் வந்த மற்றொன்றும்

கோவைப் பக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2018-22 பேட்ச், மெக்கானிக்கல். படிப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை. சிஜிபிஏ 7.6. மூன்றாவது செமஸ்டர் கணக்குத் தாளில் ஒரு அரியர், அடுத்த முறையே எழுதித் தேறியது. 2025 ஃபால் பருவத்துக்கு அமெரிக்காவில் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு எம்எஸ் விண்ணப்பம். இந்த மாணவி ஒரே ஆள் அல்ல. இதே நிலையில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் விவரங்களை ஒரே ஆளாகத் தொகுத்திருக்கிறோம்.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எல்ஓஆர் எனப்படும் பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்டது. ஒன்று தொழிற்சாலை மேலாளரிடமிருந்து. இன்னொன்று ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர் நடத்திய ஆசிரியரிடமிருந்து. மூன்றாவது, இறுதியாண்டு புராஜெக்டுக்கு வழிகாட்டிய பேராசிரியரிடமிருந்து. இந்த ஆய்வு மூன்றாமவரைப் பற்றியது. காரணம், இந்த பேட்ச்சின் நடுப்பகுதி முழுக்கக் கொரோனாவில் போனது. ஹீட் டிரான்ஸ்ஃபர் வகுப்பு ஆன்லைனில் நடந்தது. அந்த ஆசிரியருக்கு இவள் அறுபது கட்டங்களில் ஒரு கட்டம், பாதி நாள் கேமராவும் அணைந்திருக்கும். எட்டாவது செமஸ்டர் புராஜெக்ட்தான் பட்டறையிலும் மொட்டை மாடியிலும் ஆளோடு ஆள் நின்று செய்தது. இவளைப் பற்றிக் கண்ணால் பார்த்ததை எழுதக்கூடியவர் வழிகாட்டி ஒருவர்தான்.

முதல் மின்னஞ்சல்

நவம்பர் முதல் வாரத்தில் போனது. ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: “மரியாதைக்குரிய சார், நான் உங்கள் பழைய மாணவி. வெளிநாட்டில் எம்எஸ் படிக்க விண்ணப்பிக்கிறேன். தயவுசெய்து எனக்கு எல்ஓஆர் தரவும். அவசரம். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.”

பத்து நாள் பதில் இல்லை. ‘சாருக்கு என்மேல் கோபமா’ என்று மாணவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் கோபம் எதுவும் இருக்காது. இங்கே நடந்தது வேறு. பேராசிரியர் 2023இல் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டார். மின்னஞ்சல் போனது பழைய கல்லூரி முகவரிக்கு. அந்தப் பெட்டி மூடப்படவில்லை, அதனால் திரும்பியும் வரவில்லை. திறக்க ஆள் இல்லாமல் கிடந்தது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர்கள் இடம் மாறுவது சாதாரணம். அதனால் கேட்பதற்கு முன்பு ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. புதிய கல்லூரியின் துறைப் பக்கத்தில் பெயர் இருக்கும். கூகுள் ஸ்காலரில் கணக்கு இருந்தால், எந்த நிறுவன மின்னஞ்சலைக் கொண்டு சரிபார்த்திருக்கிறார் என்பதைப் பெயருக்குக் கீழேயே காட்டும்.

சரி, மின்னஞ்சல் அவர் கைக்கே போயிருந்தாலும் பதில் வந்திருக்குமா? சந்தேகம்தான். யார், எந்த வருடம், என்ன புராஜெக்ட், எந்த ஊர், எத்தனை கடிதம், எந்தத் தேதிக்குள் என்று எதுவும் அதில் இல்லை. நவம்பர் என்பது செய்முறைத் தேர்வும் பல்கலைக்கழகத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் சேர்ந்து வரும் மாதம். பத்துக் கேள்வி கேட்டால்தான் புரியும் என்கிற ஒரு மின்னஞ்சலை அவர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்குவார். டிசம்பர் 15 கெடுவுக்குச் செப்டம்பரிலேயே கேட்டிருந்தால் இந்த நெருக்கடி பாதி குறைந்திருக்கும்.

தொலைபேசியும் இரண்டாவது மின்னஞ்சலும்

வகுப்புத் தோழர் வழியே எண் கிடைத்தது. முதலில் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி: யார் என்று சொல்லி, பேசலாமா, எந்த நேரம் வசதி என்று மட்டும் கேட்டது. மாலை ஏழு மணிக்குப் பேசியபோது பேராசிரியரின் முதல் கேள்வி, “எந்த பேட்ச்மா நீ?” இதில் வருந்த ஒன்றுமில்லை. 2022க்குப் பிறகு அவர் எத்தனையோ குழுக்களைப் பார்த்துவிட்டார். ‘கொப்பரை டிரையர்’ என்றதும், “அட, மொட்டை மாடியில தேங்காய் காய வச்ச டீமா?” என்றார். பெயர் மறந்துவிடும், பொருள் மறக்காது. இதைப் புரிந்துகொண்டுதான் இரண்டாவது மின்னஞ்சலின் பொருள் வரியே எழுதப்பட்டது. அதன் தமிழ் வடிவம்:

> பொருள்: எம்எஸ் பரிந்துரைக் கடிதம் கேட்டு – 2018-22 மெக்கானிக்கல், கொப்பரை சோலார் டிரையர் குழு
>
> மதிப்பிற்குரிய சார், வணக்கம்.
>
> இன்று தொலைபேசியில் பேசியதன் தொடர்ச்சி இது. 2022 ஜனவரி முதல் மே வரை உங்கள் வழிகாட்டுதலில் கொப்பரைக்கான சோலார் டிரையர் செய்த நால்வர் குழுவில் நானும் ஒருத்தி. வெப்பநிலை அளவீடும் சோலார் கலெக்டரின் திறன் கணக்கும் என் பொறுப்பு. பதிவெண்ணும் அப்போது குழுவாக எடுத்த படமும் இணைப்பில் உள்ளன.
>
> தெர்மல் பிரிவில் எம்எஸ் படிக்க ஆறு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். புராஜெக்டில் என் வேலையை நேரில் பார்த்தவர் நீங்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். என்னைப் பற்றி நல்ல முறையில் எழுத உங்களிடம் போதிய விஷயம் இருக்கிறது என்று தோன்றினால் மட்டும் எழுதுங்கள் சார். இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறொருவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.
>
> நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே ஒரு கடிதம், ஒன்றரைப் பக்கம் போதும். ஆறு பல்கலைக்கழகங்களிடமிருந்தும் தனித்தனி இணைப்பு உங்களுக்கு வரும். ஒவ்வொன்றிலும் சிறு படிவம் நிரப்பி, அதே கடிதத்தை ஏற்ற வேண்டும். ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். முதல் கெடு டிசம்பர் 1, மற்ற ஐந்தும் டிசம்பர் 15.
>
> இணைப்பு வர வேண்டிய உங்கள் கல்லூரி மின்னஞ்சல் முகவரியையும், இப்போதைய பதவியின் பெயரையும் தெரிவித்தால் விண்ணப்பத்தில் சேர்த்துவிடுவேன்.

மறுநாள் காலையே பதில் வந்தது.

இந்த மின்னஞ்சலில் வேலை செய்த வரி ‘போதிய விஷயம் இருக்கிறது என்று தோன்றினால் மட்டும்’ என்பதுதான். பணிவுக்காகச் சேர்த்த வரி அல்ல அது. மாணவர் நேரில் வந்து கேட்டால் நம் ஊர் ஆசிரியர்கள் பெரும்பாலும் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள். ‘சரிம்மா’ என்று சொல்லிவிட்டு, அலுவலகக் கணினியில் இருக்கும் பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள். அப்படி வரும் கடிதத்தைவிட நேரான மறுப்பு எவ்வளவோ மேல். வேறு ஆளைத் தேடவாவது நேரம் கிடைக்கும்.

‘நீயே எழுதிக் கொண்டு வாம்மா’

பதிலில் சம்மதத்தோடு இந்த வரியும் இருந்தது: “டிராஃப்ட் ரெடி பண்ணி அனுப்பும்மா, நான் பார்த்து சைன் பண்ணித் தர்றேன்.”

தமிழ்நாட்டில் பரிந்துரைக் கடிதம் கேட்கும் பெரும்பாலோர் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஆசிரியருக்கு நேரம் மிச்சம், மாணவிக்கும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளலாம் என்ற ஆசை. ஆனால் பல்கலைக்கழகங்கள் கேட்பது ஆசிரியர் எழுதிய கடிதம். மாணவி எழுதி ஆசிரியர் பெயரில் போனால், அது ஆசிரியர் எழுதியது என்பதே பொய்யாகிறது. நேர்மையைத் தள்ளிவைத்து, வெறும் பலனை மட்டும் பார்த்தாலும் இது நஷ்டம்தான்.

சேர்க்கைக் குழுவின் மேசையில், ஏன் படிக்க விரும்புகிறாள் என்று அவளே எழுதும் எஸ்ஓபியும் மூன்று கடிதங்களும் ஒரே கோப்பாக அடுத்தடுத்து இருக்கும். நான்கையும் ஒரே ஆள் எழுதியிருந்தால், ஒரே மாதிரி வாக்கியத் தொடக்கம், ஒரே அடைமொழிகள், ஏன், ஒரே எழுத்துப்பிழைகூட நான்கிலும் தெரியும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கடிதத்தில் குழு தேடுவது ஒப்பீடு. ‘கடந்த சில வருடங்களில் நான் வழிகாட்டிய குழுக்களில், அளவீட்டுப் பிழையைத் தானாகக் கண்டுபிடித்துத் திருத்தியவர்கள் மிகச் சிலர், அவர்களில் ஒருவர்’ என்ற வரியை ஆசிரியரால் மட்டுமே எழுத முடியும். மற்ற குழுக்களை மாணவி பார்த்ததே இல்லை. அவள் எழுதினால் அந்த இடத்தில் ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், நற்பண்புகள் உடையவர்’ என்றுதான் வரும். நடத்தைச் சான்றிதழுக்கும் இதற்கும் பிறகு என்ன வித்தியாசம்?

அவள் டிராஃப்ட் அனுப்பவில்லை, மறுத்து வாதாடவும் இல்லை. “சார், கடிதம் உங்கள் வார்த்தையில் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. உங்களுக்கு வேலை குறைய, நடந்தவற்றைக் குறிப்பாக ஒரு பக்கத்தில் தருகிறேன். எதை எடுப்பது, எப்படிச் சொல்வது என்பது உங்கள் விருப்பம்” என்று எழுதினாள். கூடவே போன குறிப்பில் ஒரு அடைமொழிகூட இல்லை. தேதி, செயல், விளைவு மட்டும்.

அதில் கடிதத்துக்கு உயிர் கொடுத்த நிகழ்வு இது. டிரையரில் தேங்காய்ப் பருப்பின் ஈரப்பதத்தைச் சுமார் 50 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் ரிவ்யூவில் கலெக்டரை விட்டு வெளியேறும் காற்றின் வெப்பநிலை நன்றாக இருந்தது, திறனும் நன்றாக வந்தது, குழுவுக்கு ஒரே மகிழ்ச்சி. அடுத்த வாரம் அவள் ஒன்றைக் கவனித்தாள். சூரியனை மேகம் மறைத்ததும், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் முனை காட்டும் அளவு சட்டென்று சரிந்தது. உள்ளே வெயிலை உறிஞ்சும் அப்சார்பர் தகடு இன்னும் சூடாக இருக்கும்போது காற்று அவ்வளவு வேகமாகக் குளிராது. அப்படியானால் அந்த முனை காற்றின் சூட்டை மட்டும் அளக்கவில்லை. நேர் வெயிலையும் வாங்கிக்கொண்டு காற்றின் உண்மையான வெப்பநிலையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. முனைக்கு அலுமினியத் தாளில் மறைப்பு போட்டு, மூன்று நாள் சோதனையை முதலிலிருந்து செய்தார்கள். திறன் குறைந்துதான் வந்தது. இரண்டாவது ரிவ்யூவில் அந்தக் குறைந்த எண்ணையே வைத்து, முதல் எண் ஏன் தவறு என்றும் சொன்னார்கள்.

குறிப்பில் இது ஐந்து வரி. அதைப் படித்ததும் அன்று ரிவ்யூ அறையில் நடந்தது பேராசிரியருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கடிதத்தில் அவர் சேர்த்த விஷயம் குறிப்பில் இல்லாதது: “எண்ணைக் குறைத்துக் காட்டினால் மதிப்பெண் போய்விடும் என்று குழுவில் மற்றவர்கள் தயங்கினார்கள். இவர்தான் திருத்திய எண்ணை வைக்க வேண்டும் என்று நின்றவர்.” மாணவியே டிராஃப்ட் எழுதியிருந்தால் இந்த வரி வந்திருக்காது. தன்னைப் பற்றி அவளுக்கே அது தோன்றியிருக்காது.

அரியரையும் அவள் மறைக்கவில்லை. மார்க்ஷீட் இணைப்பிலேயே இருந்தது. அதைக் கடிதத்தில் தொடலாமா என்று பேராசிரியர் கேட்டார். அவர் நடத்தாத தாள் அது, காரணம் அவருக்கு நேரடியாகத் தெரியாது, அதனால் தொடாமல் விட்டார். சரியான முடிவு. தனக்குத் தெரியாததை ஆசிரியர் சமாதானப்படுத்தப் போனால், படிப்பவரின் கண் நேராகக் குறையின் மேல்தான் போய் நிற்கும். அரியருக்கு ஒரு வரி விளக்கம் தேவையென்றால் அதன் இடம் எஸ்ஓபி.

போர்ட்டல் என்னும் தனிக் கதை

கடிதம் தயாரானால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கடிதம் மாணவி கைக்கு வருவதில்லை. விண்ணப்பத்தில் ஆசிரியரின் பெயர், பதவி, நிறுவன மின்னஞ்சல் ஆகியவற்றை அவள் நிரப்புவாள். பல்கலைக்கழக மென்பொருள் அவருக்கு ஒரு இணைப்பை அனுப்பும். அவர் நேரடியாக ஏற்றுவார். நிறுவன மின்னஞ்சல் என்பதைப் பல பல்கலைக்கழகங்கள் கண்டிப்பாகவே பார்க்கின்றன. ஜிமெயில் முகவரி என்றால் அதை யார் வேண்டுமானாலும் உருவாக்கியிருக்கலாம். ஆசிரியர் பெயரில் தானே ஒரு முகவரி தொடங்கி ஏற்றிவிடலாம் என்று எண்ணுபவர்கள், எந்த இணைய முகவரியிலிருந்து ஏற்றப்பட்டது என்பதும் மென்பொருளில் பதிவாகலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். மாட்டினால் விண்ணப்பம் மட்டுமல்ல, கிடைத்த சேர்க்கையே ரத்தாகலாம்.

இங்கே பேராசிரியர் வேலை பார்ப்பது ஒரு கல்லூரியில், மாணவி படித்தது இன்னொன்றில். கடிதம் எந்த லெட்டர்ஹெட்டில் வர வேண்டும் என்று குழப்பம் வந்தது. விடை எளிது: இப்போது இருக்கும் கல்லூரியின் லெட்டர்ஹெட், இப்போதைய மின்னஞ்சல். முதல் பத்தியில், எந்த ஆண்டுகளில் முந்தைய கல்லூரியில் பணியாற்றினார், அங்கே இவளை எப்படித் தெரியும் என்று ஒரு வாக்கியம். விலகி வந்த கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் எழுதுவதற்கு அவருக்கு உரிமை கிடையாது.

விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வி இருந்தது: இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? அமெரிக்காவில் 1974இல் வந்த ஃபெர்ப்பா சட்டப்படி, சேர்ந்து படிக்கும் மாணவர் தன் கோப்பில் உள்ள பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கலாம்; விரும்பினால் அந்த உரிமையை எழுதிக் கொடுத்து விட்டுவிடலாம். கட்டாயம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுத்தால்தான் ஆசிரியர் மனம் திறந்து எழுதியிருப்பார் என்று குழு நம்பும். ஆறிலும் விட்டுக்கொடுத்தாள். அதன் பிறகு “சார், லெட்டர் ஒரு காப்பி அனுப்புங்களேன்” என்று கேட்கக் கூடாது. கேட்டால் விட்டுக்கொடுத்ததற்கு அர்த்தமில்லை.

ஆசிரியருக்கு வரும் படிவத்தில் கடிதம் மட்டும் இல்லை, ஒரு கட்டமும் இருக்கும். அறிவுத்திறன், எழுத்து, ஆய்வுத் திறமை, குழுவாக வேலை செய்தல் போன்றவற்றில் மேல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா என்று டிக் செய்ய வேண்டும். கடைசியில் ‘மதிப்பிட வாய்ப்பில்லை’ என்ற வரிசையும் இருக்கும். பாசத்தில் எல்லாவற்றுக்கும் மேல் 5 சதவீதத்தை டிக் செய்வது நம்மூர் வழக்கம். கடிதம் ஒரு திறமையைப் பற்றி மட்டும் பேசி, கட்டம் எல்லாவற்றிலும் உச்சம் காட்டினால் இரண்டுமே நம்பிக்கை இழக்கும். இதையெல்லாம் மாணவி ஆசிரியரிடம் சொல்லிக் கொடுக்க முடியாது, சொல்வதும் அழகல்ல. அவள் செய்யக்கூடியது, கட்டம் ஒன்று வரும், தெரியாததற்குத் தனி வரிசை உண்டு என்று முன்பே தெரிவிப்பது. அவ்வளவே.

இணைப்பு எப்போது போகும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். நான்கு இடங்களில் பெயரை நிரப்பிச் சேமித்ததும் போனது. இரண்டில், விண்ணப்பக் கட்டணம் கட்டிச் சமர்ப்பித்த பிறகுதான் போனது. கடைசி நாளில் சமர்ப்பிக்கலாம் என்று இருந்திருந்தால் அந்த இரண்டு இணைப்பும் கடைசி நாள் இரவில்தான் அவரை எட்டியிருக்கும். நவம்பர் இறுதியிலேயே சமர்ப்பித்ததால் தப்பித்தாள்.

இருந்தும் இரண்டு இடத்தில் சிக்கியது. ஒரு இணைப்பு பேராசிரியரின் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. அனுப்புநர் பெயரில் பல்கலைக்கழகமே தெளிவாக இல்லாததால் கல்லூரி சர்வர் தள்ளிவிட்டது. போர்ட்டலில் இருக்கும் நினைவூட்டல் பொத்தானை அழுத்தி, அதே நேரத்தில் “இந்தத் தலைப்பில் இப்போது ஒன்று வந்திருக்கும் சார், ஸ்பாமிலும் பாருங்கள்” என்று வாட்ஸ்அப் அனுப்பியதும் கிடைத்தது. நினைவூட்டல் மொத்தம் இரண்டு தடவைதான்: கெடுவுக்குப் பத்து நாள் முன்பு ஒன்று, நான்கு நாள் முன்பு ஒன்று. தினமும் ‘சார் அப்டேட்’ என்று அனுப்பினால், மறுநாள் வகுப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ஆள் எரிச்சலாகாமல் என்ன செய்வார்?

இரண்டாவது சிக்கல் அவளே இழுத்துக்கொண்டது. ஆறில் ஒரு விண்ணப்பத்தை அக்டோபரிலேயே தொடங்கி, பேராசிரியரின் பழைய கல்லூரி முகவரியை நிரப்பியிருந்தாள், பிறகு மறந்துவிட்டாள். போர்ட்டல் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டியது, ‘பெறப்பட்டது’ என்று மாறவே இல்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை டிசம்பர் 12இல்தான் கவனித்தாள். அந்த மென்பொருளில், இணைப்பு போன பிறகு முகவரியை மட்டும் திருத்த முடியாது. பழைய பதிவை நீக்கிவிட்டு, அதே பேராசிரியரைப் புதிய முகவரியோடு மீண்டும் சேர்க்க வேண்டும். நீக்கவும் முடியாத இடங்களில், பட்டமேற்படிப்புச் சேர்க்கை அலுவலகத்துக்கு விண்ணப்ப எண்ணோடு எழுதித்தான் மாற்ற வேண்டும். பதில் வர ஓரிரு வேலை நாள் ஆகும். இங்கே நல்லவேளையாக நீக்க முடிந்தது.

கெடு டிசம்பர் 15 இரவு 11:59, அமெரிக்கக் கிழக்கு நேரம். நம் கணக்கில் அது 16ஆம் தேதி காலை 10:29. பேராசிரியருக்கு இதைத் தெளிவாக எழுதியிருந்தாலும், முந்தைய நாளையே கெடுவாகச் சொல்லியிருந்தாள். ஆறாவது கடிதம் 14ஆம் தேதி மாலை ஏறியது. ஏற்றும் முன் அவர் ஒன்றைக் கவனித்துத் திருத்தினார்: ஐந்து இடங்களுக்கு ‘சேர்க்கைக் குழுவினருக்கு’ என்று பொதுவாக எழுதியிருந்த கடிதத்தில், முதல் கெடுவுக்காகச் சேர்த்த ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் கடைசிப் பத்தியில் அப்படியே நின்றிருந்தது.